டேப் அக்காவின் பக்கத்துக்குள் புகுந்தவன்

நான் செல்போன் கண்ணாடி மாற்றுகிறவன். உடைந்த திரை, ஊதிப்போன பேட்டரி, வாளித் தண்ணீரில் விழுந்த போன், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தொழில். ஆனால் எங்கள் தெருவில் இதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கஷ்டம் போனுக்குள்ளே இருக்கிறதா, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் எவன் கையிலாவது இருக்கிறதா என்று பார்க்காமல் நேராக என் மேஜைக்கு வந்துவிடுவார்கள். "தம்பி, கொஞ்சம் பாரேன்." பார்ப்பேன். பல நேரம் பார்க்க மட்டும்தான் முடியும். அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

என் கடைக்கும் டேப் அக்கா கடைக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அவர் மிஷின் ஓடினால் என் மேஜைமேல் இருக்கிற குட்டித் திருகாணிகள் நடுங்கும். அளவெடுக்கும் டேப் எப்போதும் கழுத்தில் தொங்குவதால் அவருக்கு அந்தப் பெயர். கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறும்போதும் தொங்கும். ஒரு முறை பல் பிடுங்கப் போனபோது, டாக்டர் "இதையாவது கழட்டுங்கம்மா" என்றாராம். "பல்லு இங்க இருக்கு, டேப்பு உங்கள என்ன செஞ்சுது?" என்று கேட்டுவிட்டு வந்தவர்.

ஒன்பது வருஷம் ஒரு பெரிய துணி ஃபேக்டரியில் காலர் மட்டும் தைத்தார். காலர், காலர், காலர். சட்டையின் மீதிப் பாகம் எப்படி இருக்கும் என்றே மறந்துபோச்சு என்பார். அங்கே எல்லாம் மூன்று அளவு: சின்னது, நடுத்தரம், பெரியது. "உலகத்துல இருக்கற அத்தனை பொம்பளைங்களையும் மூணே டப்பாவுல போட்டு மூடிட்டான் தம்பி" என்று இன்றைக்கும் அதே கோபத்தோடு சொல்வார். அந்தக் கோபத்தில்தான் வேலையை விட்டுவிட்டுத் தனியாகக் கடை போட்டார். இரண்டு மிஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், வெட்டுகிற மேஜை, ஆளுயரக் கண்ணாடி, தடித்த நீலத் திரை.

அந்தத் திரைக்குள் யார் போனார்கள், என்ன அளவெடுத்தார் என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. மற்றபடி ஓயாத வாய். பக்கத்து வீட்டுச் சண்டை, வெங்காய விலை, அவர் அண்ணன் மனைவியின் நடை, எல்லாம் பலகையைத் தாண்டி எனக்கு வரும். உடம்பைப் பற்றி மட்டும் வராது. கடையில் அளவு கிடைக்காதவர்கள்தான் அவரிடம் வருவார்கள். ஆபரேஷனில் ஒரு மார்பை இழந்தவர் வருவார், ஒரு கால் குட்டையானவர் வருவார். எனக்கே இதெல்லாம் பின்னால் நடந்த வினையால் தெரிந்ததுதான்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கணக்கு டீச்சர். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார். முதுகெலும்பு சின்ன வயதிலேயே ஒரு பக்கமாக வளைந்து, இடது தோள் இரண்டு விரல் அளவு இறங்கியிருக்கும். டேப் அக்கா அவர் சட்டைகளின் இடது தோளுக்குள் பஞ்சுத் திண்டு வைத்து, முதுகுத் தையலைச் சற்று ஒதுக்கி, அப்படியே நேராக்கிவிடுவார். பதினோரு வருஷமாகத் தைக்கிறார். டீச்சரை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்தப் பிள்ளையும் கோணலாகப் பார்த்ததில்லை. நானும்தான் பார்த்ததில்லை. தினமும் என் கடையைத் தாண்டிப் போகிறவர்.

இனி பக்கத்துக்கு வருகிறேன். போனில் அக்காவின் கடைக்கென்று ஒரு பக்கம் இருந்தது. தைத்து முடித்த உடையைத் தலையில்லாத பொம்மைக்குப் போட்டுப் படம் பிடித்துப் போடுவார். அதைப் பார்த்து வெளியூரிலிருந்தும் கேட்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அளவு எப்படி எடுப்பது? ஒட்டிய உள்சட்டையோடு முன்னால், பின்னால், பக்கவாட்டில் மூன்று படம் எடுத்து அந்தப் பக்கத்தின் இன்பாக்ஸுக்கே அனுப்பச் சொல்வார். பிறகு உள்ளூர்க்காரர்களும் அப்படியே அனுப்ப ஆரம்பித்தார்கள்.

அந்த யோசனை யாருடையது? என்னுடையது. அவர் நோட்டில் உடம்பை முட்டை முட்டையாக வரைந்து அம்புக்குறி போட்டு வைத்திருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எதுக்கு அக்கா இந்தக் கூத்து, போட்டோவா அனுப்பச் சொல்லுங்க, அதுலயே பத்திரமா இருக்கும்" என்றேன். பத்திரமாம். அந்த வாயைத் தைத்துப் போட்டிருக்கலாம்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மிஷின் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் அக்கா போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"தம்பி, என் பக்கம் என்னையே நீ யாருன்னு கேக்குது."

வாங்கிப் பார்த்தேன். கடவுச்சொல் தவறு என்றது. அவரிடம் கேட்டுக் கேட்டு மூன்று முறை அடித்தேன். தவறு, தவறு, தவறு.

"இன்னிக்கு இதுல ஏதாவது செஞ்சீங்களா?"

"ஒண்ணும் செய்யல."

"அக்கா."

"ஒரு புகார் வந்துச்சு. அதுக்குப் பதில் போட்டேன். அவ்ளோதான்."

என்ன புகார்? இன்பாக்ஸில், அந்தப் பக்கத்தை நடத்துகிற கம்பெனியின் முத்திரையோடு ஒரு செய்தியாம். உங்கள் பக்கத்தில் பிறருக்குச் சொந்தமான வடிவம் இருக்கிறது, உரியவர் புகார் செய்திருக்கிறார், இருபத்து நான்கு மணி நேரத்தில் பக்கம் நீக்கப்படும், மறுப்புத் தெரிவிக்க இங்கே அழுத்தவும்.

"இந்த மாதிரி ஆயிரம் பேருக்கு அனுப்புவானுங்க அக்கா! இத நம்பலாமா?"

அவர் குரல் இறங்கிப்போனது. "நான் எடுத்தது நிஜம்தானே தம்பி."

"என்ன எடுத்தீங்க?"

"ஒரு காலர். அலை அலையா மடிச்ச காலர். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரி பக்கத்துல பாத்தேன். பாத்தா கை சும்மா இருக்குமா? வெட்டிட்டேன். திங்கக்கிழமைதான் பொம்மைக்குப் போட்டுப் படம் போட்டேன். இன்னிக்குப் புகார் வருது. அவதான் கண்டுபிடிச்சுட்டான்னு நெனச்சேன்."

ஊரில் தையல்காரர் எவர்தான் பார்த்து வெட்டவில்லை? வேறு யாருக்காவது அந்தச் செய்தி வந்திருந்தால் தூக்கிப் போட்டிருப்பார்கள். ஒன்பது வருஷம் காலர் தைத்துக் காலரிலேயே மாட்டிக்கொண்டவர் என்பதால் இவர் மட்டும் பயந்துபோய், மன்னிப்புக் கடிதம் மாதிரி, பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்திருக்கிறார். பிறகு போனுக்கு ஆறு இலக்கம் வந்திருக்கிறது. அதையும் கொடுத்திருக்கிறார். அந்த இலக்கம்தான் கடைசித் தாழ்ப்பாள்.

என் போனில் அவர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே பெயர், அதே கத்தரிக்கோல் படம். மேலே புதிதாக மூன்று பதிவு. உடல் மெலிய வைக்கும் ஏதோ பவுடர் விளம்பரம். இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்'. 'பின்' என்று இருந்தது எவளோ மாடல் பெண். 'முன்' என்று இருந்தது அக்காவுக்கு அளவுக்காக வந்த படம். முகத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தான். அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கோடு எந்த மூலைக்கு?

மூன்றாவது படத்தில் முதுகு தெரிந்தது. இடது தோள் இறங்கிய முதுகு. தலையைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாதி முகம். 'முதுகையும் நேராக்கும்' என்று மேலே எழுதியிருந்தான், பாவி.

டேப் அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, டீச்சர்" என்றார். பிறகு எழுந்து, "இத மூடிடு. இப்பவே மூடிடு. முழுசா அழிச்சுடு" என்று என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"நம்ம உள்ளயே இல்ல அக்கா. வெளிய நிக்கிறவங்க எப்படி மூடுறது?"

"கம்பெனிக்காரன்கிட்ட சொல்லு."

"கம்பெனியோட பார்வைக்கு இப்ப அவன்தான் நீங்க."

அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

ஒன்று மட்டும் என் மண்டைக்கு எட்டியது. முதலில் மின்னஞ்சலைப் பார்க்க வேண்டும். அக்காவுக்கு மின்னஞ்சல் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. திறந்தால் பல வருஷத்துக் குப்பை. அதன் மேலே புதிதாக ஒன்று: உங்கள் மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டது, மாற்றியது நீங்கள் இல்லையென்றால் இங்கே அழுத்தித் திரும்பப் பெறுங்கள். இதுவும் இன்னொரு பொய்யோ என்று அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தேன். உண்மையானதுதான். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை முதலில் மாற்றினேன், அவன் அதற்குள்ளும் வந்துவிடக் கூடாதே. பிறகு அந்த இணைப்பை அழுத்தினேன். முகவரி அக்காவுக்குத் திரும்பியது. புதிய கடவுச்சொல்லும் வைக்க முடிந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அடுத்த திரையில் பெருமை போய்விட்டது. உங்கள் செயலியில் தோன்றும் ஆறு இலக்க எண்ணைத் தரவும் என்றது. இரண்டாவது பூட்டை அவன் தன் போனில் இருக்கும் செயலியோடு கோர்த்துவிட்டிருந்தான். கதவின் ஒரு பூட்டு எங்கள் கையில், இன்னொன்று அவன் கையில்.

வேறு வழி என்று ஒன்று இருந்தது. உங்கள் முகத்தை வீடியோ எடுத்து அனுப்புங்கள், பக்கத்தில் உள்ள உங்கள் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

"உங்க முகம் இருக்கற படம் ஏதாவது போட்டிருக்கீங்களா?"

"நான் எதுக்கு என் மூஞ்சியப் போடணும்? நான் என்ன சட்டையா?"

இரண்டு பேரும் பதினோரு வருஷத்தையும் கீழே கீழே தள்ளிப் பார்த்தோம். தலையில்லாத பொம்மை, தலையில்லாத பொம்மை. ஒரு படத்தில் கண்ணாடியின் ஓரத்தில் அவர் முழங்கை தெரிந்தது. இன்னொன்றில் டேப்பின் நுனி. முழங்கையை வைத்து எந்தக் கம்பெனி ஆளை நம்பும்? முகத்தைக் காட்டாமல் அடக்கமாக இருந்ததே இப்போது அவருக்கு வினையாகிவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற நேரம். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். யாரோ அந்தப் படத்தை அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"அக்கா, அத எடுத்துட்டீங்களா?"

"இல்ல டீச்சர்."

"எப்ப எடுப்பீங்க?"

டேப் அக்கா என்னைப் பார்த்தார். நான் என் திருகாணிகளைப் பார்த்தேன்.

"என்மேல எவ்வளவு வேணாலும் கோவிச்சுக்கோங்க டீச்சர். திட்டுங்க. அடிங்க."

"திட்டினா அது போயிடுமா?" என்றார் டீச்சர். கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் தாங்கவில்லை. "இன்னிக்கு லீவு போட்டிருக்கேன். திங்கக்கிழமை போயாகணும். பரீட்சை. அதுக்குள்ள எடுத்துடுவீங்கதானே?"

"எடுத்துடுவோம்" என்றார் அக்கா.

டீச்சரின் போனிலிருந்தே அந்தப் படத்தின்மேல், இது என் படம், என் அனுமதி இல்லாமல் போடப்பட்டது என்று புகார் கொடுக்கவைத்தேன். அதற்கென்றே தனியாக ஒரு படிவம் இருக்கிறது. உடனே பதில் வந்தது: பெற்றுக்கொண்டோம், பரிசீலிக்கிறோம். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. இதற்குள் அக்காவின் வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் கொதித்துப்போய், எல்லோரும் சேர்ந்து அந்தப் பக்கத்தையே காலி செய்யச் சொல்லிப் புகார் போடுகிறோம் என்று கிளம்பினார்கள். "தாயே, வேண்டாம்! ஒவ்வொரு படத்தையும் புகார் பண்ணுங்க. பக்கத்தையே முடக்கிட்டா, மீட்கறது இன்னும் சிக்கலாயிடும், அவன் உங்களுக்கெல்லாம் அனுப்பின செய்தியையும் எங்களால திரும்ப எடுக்க முடியாது" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஆமாம், அதையும் செய்துகொண்டிருந்தான். அக்காவின் பெயரில் எல்லோருக்கும் பவுடர் இணைப்பு அனுப்பிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை போலீஸ் ஸ்டேஷன். எல்லாப் பதிவையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு அச்சடித்துக்கொண்டு போனோம். எழுதிக்கொண்ட போலீஸ்காரர் நல்ல மனிதர்தான். "யார்மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?" என்றார். "அந்தக் காலர்க்காரி" என்றார் அக்கா. நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அக்கா, காலர்க்காரிக்கு நீங்க யாருன்னே தெரியாது!" புகார் எண் கொடுத்தார்கள். ஆள் எங்கோ தூரத்தில் இருப்பான், பொறுங்கள் என்றார்கள். அந்த எண்ணை அக்கா டேப்பின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

முகம் இல்லாதவர்களுக்கும் கம்பெனி ஒரு வழி வைத்திருந்தது, சுற்றி வளைத்து. பக்கத்தைத் திறந்தபோது கொடுத்த முகவரி எது, அப்போது எந்த வகைப் போனில் திறந்தீர்கள் என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. முகவரி தெரியும். போன்? பதினோரு வருஷத்துக்கு முன்னால் வைத்திருந்த போன் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

"கறுப்பு" என்றார் அக்கா.

"எல்லாமே கறுப்புதான் அக்கா. என்ன கம்பெனி, என்ன மாடல்?"

"அதெல்லாம் நான் பாக்கல." கொஞ்ச நேரம் யோசித்தவர் சட்டென்று எழுந்து போனார். பழைய நோட்டு ஒன்றோடு வந்தார். அந்தப் போனுக்கு அவர் ஒரு துணிப்பை தைத்திருக்கிறார். தைத்தால் அளவு எழுதாமல் இருப்பாரா? நீளம் நாலே முக்கால், அகலம் இரண்டரை, கனம் அரைக்குச் சற்றுக் குறைவு, கீழே நடுவில் ஒரு பொத்தான், கேமராவுக்கு முதுகில் மேலே நடுவில் கால் இஞ்சு ஓட்டை. என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாகப் போனைச் சொன்னவர் யாரும் இல்லை. அளவை வைத்து என்ன போன் என்று கண்டுபிடித்துவிட்டேன். அந்த மாடலுக்கு நான் நூறு கண்ணாடி மாற்றியிருக்கிறேன்.

"பாத்தியா, நோட்டப் பாத்துச் சிரிச்சியே" என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று குத்தியது. அந்த நோட்டோடு விட்டிருந்தால் எந்தப் பயலும் ஒரு முட்டைப் படத்தை வைத்து என்ன செய்திருப்பான்? "எல்லாம் என்னாலதான் அக்கா" என்று சொல்லியே விட்டேன். அவர் நோட்டை மூடி, "சீ, போ. அந்த ஆறு நம்பரக் கொடுத்தது நான்" என்றார்.

விவரங்களை அனுப்பினோம். காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை நான் கடை திறப்பதில்லை, அன்றைக்குத் திறந்தேன். அக்காவும் திறந்தார். மிஷின் ஓடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பலகைக்கு அந்தப் பக்கமிருந்து "வந்துச்சா?" என்பார். "இல்ல." இடையில் அவன் இன்னும் எட்டுப் படம் போட்டான். ஒவ்வொன்றாக வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அந்தந்தப் பெண்ணுக்கு அக்காவே போன் செய்து, அவர்கள் வேறு யாரிடமிருந்தோ கேட்கும் முன்னால், சொன்னார். சிலர் அழுதார்கள். ஒருத்தர் புருஷன் வாங்கிப் பேசினார். அவர் பேசினது பலகையைத் தாண்டி எனக்கே கேட்டது. அக்கா "ஆமாங்க, ஆமாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பல் டாக்டரையே எதிர்த்துக் கேட்டவர்.

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு டீச்சர் என் கடையைத் தாண்டிப் போனார். எங்கள் இரண்டு கடையையும் பார்க்காமல் நேராகப் போனார். படம் அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு மின்னஞ்சல் வந்தது. சரிபார்த்தோம், இந்த இணைப்பில் உள்ளே செல்லலாம். முகவரியை மறுபடி எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். பிறகு "அக்கா!" என்று கத்தினேன். அவர் ஓடிவந்து பார்த்துவிட்டு, டீச்சருக்கும் போன் செய்து சொன்னார். மத்தியான இடைவேளையில் டீச்சர் வந்துவிட்டார். என் மேஜைக்கு அந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தப் படத்த முதல்ல எடு" என்றார் அக்கா.

"அஞ்சே நிமிஷம் பொறுங்க. அவன் இன்னும் உள்ளதான் உக்காந்திருக்கான். இப்ப எடுத்தா மறுபடி போடுவான். முதல்ல ஆள வெளிய தள்ளணும்."

புதிய கடவுச்சொல் வைத்தேன். எந்தெந்தக் கருவியில் இந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்ற பட்டியலில் அக்காவுக்குத் தெரியாத மூன்று இருந்தன. எல்லாவற்றையும் வெளியேற்றினேன். அவன் சேர்த்திருந்த போன் நம்பரை எடுத்தேன். அவன் செயலியை அறுத்துவிட்டு இரண்டாவது பூட்டை அக்காவின் போனோடு கோர்த்தேன். போன் தொலைந்தால் உள்ளே நுழைய உதவும் அவசர எண்களைக் காகிதத்தில் எழுதி அவரிடம் கொடுத்தேன். இத்தனை செய்து முடிப்பதற்குள் அக்காவின் போன் கிணிங் என்றது. ஆறு இலக்கம்.

"வந்துட்டானா?" என்றார் அக்கா.

"வாசல்ல நின்னு தட்டுறான். தட்டட்டும். அந்த நம்பர இந்தத் தடவ கடவுளே வந்து கேட்டாலும் கொடுக்காதீங்க."

பிறகு டீச்சரின் படம். அழிக்கப் போனபோது அதன் கீழே ஒரு எண் தெரிந்தது. கடைப் பக்கம் என்பதால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும். விரலால் மறைக்கப் பார்த்தேன். கணக்கு டீச்சரிடம் எண்ணை மறைக்க முடியுமா?

"எவ்வளவு?"

"அது சும்மா, எத்தன தடவ காட்டுச்சுன்னு..."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"நாலாயிரத்து அறுநூத்திப் பன்னெண்டு."

டீச்சர் தலையை ஆட்டினார். ஒரு பிள்ளை சொன்ன விடையைக் கேட்டுக்கொள்வதைப் போல ஆட்டினார். "எங்க ஸ்கூல்லயே மொத்தம் எண்ணூறு பேர்தான்" என்றார்.

அழித்தேன். மொத்தம் இருபத்து மூன்று பதிவு. ஒவ்வொன்றையும் அழித்த பிறகு, சமீபத்தில் நீக்கியவை என்று ஒரு அறை இருக்கிறது, அங்கே முப்பது நாள் அவை உயிரோடு கிடக்கும், அங்கிருந்தும் துடைத்தேன். பக்கத்தின் தலைப்பில் அவன் ஒட்டிய இணைப்பை எடுத்தேன். அவன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியிருந்த செய்திகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றேன். மணி அடித்ததும் டீச்சர் எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். "தேங்க்ஸ்" என்றார். அதை நாங்கள் இரண்டு பேரும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றோம்.

அக்கா அன்றைக்கே பக்கத்தை மூடச் சொன்னார். நான்தான் மூன்று நாள் நிறுத்தி வைத்தேன். இந்தப் பக்கம் திருடப்பட்டது, பவுடர் இணைப்பை யாரும் தொடாதீர்கள், தொட்டிருந்தால் உங்கள் கடவுச்சொல்லை மாற்றுங்கள், படம் வெளியானவர்கள் என்னை மன்னியுங்கள் என்று அக்கா சொல்லச் சொல்ல எழுதி மேலே ஒட்டினேன். படம் அனுப்பியவர்களுக்கு, உங்கள் போனில் அது இன்னும் இருந்தால் நீங்களும் அழித்துவிடுங்கள் என்று எழுதினோம். வெள்ளிக்கிழமை, தற்காலிகமாக மறைப்பதா நிரந்தரமாக நீக்குவதா என்று கேட்டபோது நிரந்தரத்தை அழுத்தினேன்.

"உங்க டிரெஸ் படமெல்லாம் ஒரு நகல் எடுத்து வைக்கட்டுமா? பதினோரு வருஷ வேலை."

"வேணாம். தச்சதெல்லாம் யாரோ போட்டுக்கிட்டுதானே இருக்காங்க."

ஏன் நீக்குகிறீர்கள் என்று ஒரு பட்டியல் கேட்டது. நேரம் வீணாகிறது, விளம்பரம் அதிகம், இரண்டாவது பக்கம் இருக்கிறது. எங்களுக்கு நடந்தது அந்தப் பட்டியலில் இல்லை. 'வேறு' என்பதைத் தொட்டேன். முப்பது நாளில் முழுவதும் நீங்கும், அதற்குள் யாராவது உள்ளே நுழைந்து வேண்டாம் என்றால் நீக்கம் ரத்தாகும் என்றது. அதற்குத்தானே அவனை முதலில் வெளியே தள்ளியது. அந்த முப்பது நாளும் ஆறு இலக்கம் நாலு முறை வந்தது. நாலு முறையும் அக்கா என்னிடம் ஓடிவந்து காட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் திரும்பிப் போனார். முப்பத்தோராம் நாள் தேடிப் பார்த்தேன். அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்றது. சொன்னேன். "அப்பாடா" என்று மிஷினை மிதித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு என் திருகாணிகள் நடுங்கின.

அந்த வாரமே சாயங்காலம் டீச்சர் வந்தார். இரண்டு கையிலும் இரண்டு பெரிய பை. அக்காவுக்கு வாயெல்லாம் பல். "வாங்க டீச்சர், வாங்க, புதுத் துணியா?" என்று முக்காலியைத் துடைத்துப் போட்டார். டீச்சர் பைகளை வெட்டுகிற மேஜைமேல் கவிழ்த்தார். எல்லாம் பழையது. எல்லாம் அக்கா தைத்தது. பதினான்கு சட்டை.

"உள்ள இருக்கற பஞ்ச எடுத்துடுங்க அக்கா. எல்லாத்துலயும்."

"ஏன் டீச்சர்? அதான் எல்லாம் அழிச்சாச்சே. தம்பி ஒண்ணு விடாம அழிச்சிருக்கான். கேளுங்க. தம்பி, சொல்லேன்!"

நான் வாசலில் வந்து நின்றேன். "ஆமா டீச்சர். ஒண்ணும் இல்ல இப்ப."

"தெரியும், நானும் தேடிப் பாத்தேன்" என்றார் டீச்சர். "போர்டுல எழுதத் திரும்பறேன் இல்ல, பின்னாடி சத்தம் நின்னுடுது. முன்னெல்லாம் நான் திரும்பினாத்தான் சத்தமே ஆரம்பிக்கும். இப்ப எல்லாரும் கவனிக்கறாங்க. எந்தத் தோள்ல பஞ்சு இருக்குன்னு தேடறாங்க. நேத்து ஒருத்தி எழுந்து, நல்ல பொண்ணுதான், வலிக்குதா மிஸ்னு கேட்டா."

"சின்னப் பிள்ளைங்க, மறந்துடும் டீச்சர். இன்னும் ஒரு மாசம்..."

"பஞ்சு இல்லன்னா தேடறதுக்கு ஒண்ணும் இல்லையே அக்கா."

டேப் அக்கா மேலே கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து உள்பக்கம் புரட்டினார். தோளோரத்தில் அவருடைய தையல், கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்னத் தையல். பிரிக்கிற கத்தியை எடுத்தார். டீச்சர் பக்கத்திலேயே நின்று சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டார், அக்காவுக்கு வெட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று.

நான் என் கடைக்குத் திரும்பிவிட்டேன். எட்டு மணிக்கு நான் ஷட்டரை இறக்கும்போது ஆறாவது சட்டை பிரித்துக்கொண்டிருந்தார்கள்.